எக்ஸ்ஆர்டி பேட்டர்ன் வந்துவிட்டது, இனி என்ன? முருங்கை இலைக் காப்பர் பவுடரை வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. பிராஜெக்ட் சீசன் வந்தால், எக்ஸ் கதிரைப் பவுடரில் பாய்ச்சி அதன் படிக அமைப்பை அறியும் எக்ஸ்ஆர்டி பற்றிய கேள்விகளும் வந்துவிடும். சாம்பிளைக் கொடுத்து, பணத்தைக் கட்டி, ஒரு வாரம் கழித்து மெயிலில் ஒரு .xy ஃபைல் வரும். அதைத் திறந்ததும் ஆரம்பிக்கிற சந்தேகங்கள் வருடா வருடம் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கடைசி வரைக்கும் ஒரே உதாரணம்தான். காப்பர் குளோரைடு கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு, அஸ்கார்பிக் அமிலம், முருங்கை இலைச் சாறு சேர்த்துச் செய்த செம்பழுப்புப் பவுடர் அது. செய்தவர் எதிர்பார்த்தது காப்பர் நானோ துகள். காப்பர் குழாய் உள்ள கருவியில் 20 முதல் 80 டிகிரி வரை, 0.02 டிகிரி படியில் ஸ்கேன் செய்யப்பட்டது.

அக்கா, இந்த கிராஃப்ல எக்ஸ் ஆக்சிஸ்ல இருக்குற 2θ-வ வச்சு நேரா என்ன சொல்ல முடியும்?

அதை வைத்து நேராகச் சொல்ல முடிவது ஒன்றுதான்: படிகத்துக்குள் அணுத்தளங்கள் எவ்வளவு இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது. பிராக் விதி λ = 2d sinθ. இதில் இருப்பது θ, கிராஃபில் இருப்பது 2θ. பாதியாக்க மறந்துவிட்டு மொத்தக் கணக்கையும் தப்பாகப் போட்டுக்கொண்டு வருபவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

நம் பேட்டர்னில் உயரமான பீக் 36.31 டிகிரியில் இருக்கிறது. θ = 18.155, sinθ = 0.3116. அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம் என்றால் d = 1.5406 / (2 × 0.3116) = 2.472 ஆங்ஸ்ட்ராம். பீக் இருக்கும் இடம் தள இடைவெளியைச் சொல்கிறது. பீக்கின் உயரம் வேறு கதை, அது பின்னால் வரும்.

சில பேப்பர்ல 1.5406 போடுறாங்க, சிலதுல 1.5418. எது சரி?

இரண்டும் சரிதான், பீக்கை எப்படிப் படித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. காப்பர் குழாயிலிருந்து Kα1 (1.5406), Kα2 (1.5444) என இரண்டு கதிர்கள் சேர்ந்தே வருகின்றன. சாஃப்ட்வேரில் Kα2-வை நீக்கியிருந்தாலோ, இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்து முதலாவதன் உச்சியைப் படித்தாலோ 1.5406. இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே பீக்காகத் தெரிந்து அதன் நடுப்புள்ளியை எடுத்தால், எடையிட்ட சராசரியான 1.5418.

தப்பான எண்ணைப் போட்டால் லேட்டிஸ் பாராமீட்டர் 0.08 சதவீதம் தள்ளிப்போகும். நம் உதாரணத்தில் அது 0.003 ஆங்ஸ்ட்ராம். சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் டோப்பிங்கால் மாறியது என்று பலர் எழுதும் மாற்றமே இந்த அளவுதான். இங்கே Kα2 நீக்கப்பட்ட ஃபைல், அதனால் 1.5406.

எந்த ஃபேஸ்னு கண்டுபிடிக்க எங்க ஆரம்பிக்கணும்? சாஃப்ட்வேர் அம்பது பேர் காட்டுது.

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் பீக்குகளை ஒரு தாளில் எழுதுங்கள். நம் பட்டியல் இது. அடைப்புக்குள் இருப்பது உயரமான பீக்கை 100 என்று வைத்துக்கொண்டால் மற்றவற்றின் உயரம்: 29.45 (9), 31.59 (6), 36.31 (100), 42.19 (36), 43.20 (48), 45.34 (3), 50.34 (22), 61.26 (26), 73.41 (17), 74.03 (10), 77.27 (4).

அடுத்து, பாத்திரத்தில் என்னென்ன தனிமங்கள் போட்டீர்கள் என்று எழுதுங்கள். காப்பர், குளோரின், சோடியம், ஆக்சிஜன், இலையிலிருந்து வந்த கார்பன் வகையறா. தேடலை இவற்றுக்குள் அடக்கினாலே அம்பது பேர் ஐந்தாறாகக் குறையும். அப்படி அடக்காமல் தேடி, டாண்டலம் சேர்மம் ஒன்றை ரிப்போர்ட்டில் எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

உயரமான மூன்று பீக்கை எடுத்து, அறியப்பட்ட பொருளின் பீக் பட்டியலான கார்டுடன் ஒப்பிடு என்பது பழைய முறை. இங்கே அது காலை வாரிவிடும். 36.31, 43.20, 42.19 மூன்றையும் ஒரே பொருளின் பீக் என்று எடுத்துக்கொண்டால் எந்தக் கார்டும் பொருந்தாது. அப்படிப் பொருந்தாவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட ஃபேஸ் இருக்கிறது என்று பொருள். முதல் பீக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, அதற்கு ஏற்ற கார்டு ஒவ்வொன்றிலும் இரண்டாவது, மூன்றாவது பீக் நம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். Cu₂O கார்டு (05-0667) 36.31, 42.19, 61.26, 73.41, 29.45, 77.27 ஆகிய ஆறையும் எடுத்துக்கொள்கிறது. அவற்றை அடித்துவிட்டால் மீதியில் 43.20, 50.34, 74.03 மூன்றும் காப்பர் உலோகம் (04-0836). ஆக, கிடைத்தது குப்ரஸ் ஆக்சைடு, கூடவே காப்பரும். இன்னும் இரண்டு பீக் யாருடையது என்று தெரியாமல் நிற்கிறது. அவற்றை அப்படியே விட்டுவிடக் கூடாது.

கார்டுல 36.42, எனக்கு 36.31. இது மேட்ச்னு சொல்லலாமா?

ஒரு பீக்கை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எல்லா பீக்கும் ஒரே திசையில், ஒரு ஒழுங்கோடு நகர்ந்திருந்தால் சொல்லலாம். Cu₂O-வின் லேட்டிஸ் பாராமீட்டர் a = 4.2696 ஆங்ஸ்ட்ராம் என்று வைத்துக் கணக்கிட்டால் பீக்குகள் 29.56, 36.42, 42.30, 61.37, 73.51, 77.36 ஆகிய இடங்களில் வரவேண்டும். நமக்கு வந்தவை முறையே 0.11, 0.11, 0.11, 0.11, 0.10, 0.09 டிகிரி குறைவு. காப்பர் பீக்குகளும் கிட்டத்தட்ட அதே அளவு இடப்பக்கம் போயிருக்கின்றன. இப்படி ஒழுங்காக நகர்ந்தால் பொருள் சரி, சாம்பிளை வைத்த விதத்தில்தான் ஏதோ கோளாறு. ஒன்று இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம் என்று போயிருந்தால் அந்தக் கார்டைத் தூக்கி எறியுங்கள்.

இன்னொன்று: பழைய கார்டுகளில் d மதிப்பை மூன்று தசம இடத்தோடு முடித்திருப்பார்கள். அதிலிருந்து வரும் 2θ-வில் 0.02 டிகிரி அளவுக்கு ரவுண்டிங் பிழை இருக்கும். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்காகக் கார்டு நம்பரை மாற்றிக்கொண்டே போகவேண்டாம்.

31.59-லயும் 45.34-லயும் ரெண்டு சின்ன பீக் இருக்கு. நாய்ஸ்னு விட்டுடலாமா?

விடாதீர்கள். நாய்ஸ் என்பது ஒரே ஒரு புள்ளி துள்ளுவது. வடிவத்தோடு எழுந்து இறங்கும் பீக் யாரோ ஒருவருக்குச் சொந்தமானது. முந்தைய பதிலில் பார்த்த நகர்வை இதற்கும் கூட்டிப் பாருங்கள்: 31.70, 45.45. சோடியம் குளோரைடின் (200), (220) என்ற அணுத்தளங்களின் பீக்குகள் சரியாக அங்கேதான். உயரமும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பொருந்துகிறது. சாப்பாட்டு உப்பேதான்.

அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சமன்பாட்டைப் பார்த்தாலே போதும். காப்பர் குளோரைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் உப்பு வந்தே தீரும், சரியாகக் கழுவாததால் பவுடரில் தங்கிவிட்டது. அடுத்த தடவை வடிகட்டிய தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, ஒரு சொட்டு நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, அதன்பின் சில்வர் நைட்ரேட் விடுங்கள். பால் மாதிரி கலங்கினால் இன்னும் கழுவவேண்டும். அமிலம் விடாமல் சோதித்தால் மிச்சமிருக்கும் காரம் பழுப்பு நிறத்தைக் கொடுத்து ஏமாற்றும். கழுவி, மறுபடி ஸ்கேன் எடுத்து, இரண்டு பீக்கும் காணாமல் போனால் அதுவே உறுதியான சான்று. பேட்டர்னை மட்டும் உற்றுப்பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடைசியா ஒருதடவை போர் தண்ணில கழுவினேன், ஒண்ணும் ஆகாதுல்ல?

ஆகும். சென்னையின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அது கால்சைட்டாக இருந்தால் அதன் முக்கியமான பீக் 29.40 டிகிரியில் வரும். நம் Cu₂O-வின் (110) பீக் வந்திருப்பது 29.45-ல். நகர்வைக் கணக்கில் எடுக்காதவர் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம்.

பிரித்தறிய உயரத்தைப் பாருங்கள். Cu₂O-வில் (110), (111)-ன் உயரத்தில் சுமார் 9 சதவீதம்தான் இருக்கவேண்டும். நமக்கும் 9 இருப்பதால் இங்கே கவலையில்லை. அதுவே 20, 25 என்று வந்திருந்தால், அதிலும் பீக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால், கால்சைட்டைச் சந்தேகிக்கலாம். கடைசிக் கழுவலுக்கு டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் எத்தனால். கேன் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது.

என் ஃப்ரெண்டு வேற மெஷின்ல எடுத்தா. அதே பவுடர்தான், ஆனா 38.86-ல ஒரு புது பீக். CuO வந்துடுச்சா?

CuO வந்திருந்தால் தனியாக வராது. அதற்கு ஏறக்குறைய சம உயரத்தில் இரண்டு பலமான பீக் உண்டு, 35.5-லும் 38.7-லும். நம் நகர்வோடு பார்த்தால் 35.4, 38.6. உங்களுக்கு 35.4-ல் எதுவுமே இல்லை, 38.86 என்பதும் 38.6-லிருந்து கால் டிகிரி தள்ளியிருக்கிறது. அதனால் இது CuO-வின் பீக் இல்லை.

இது Kβ-வின் வேலை. நிக்கல் ஃபில்டர் இல்லாத அல்லது மெல்லியதாக உள்ள கருவியில் 1.3922 ஆங்ஸ்ட்ராம் கதிரும் கொஞ்சம் கசிந்து வந்து, ஒவ்வொரு பலமான பீக்குக்கும் இடப்பக்கம் ஒரு குட்டி நகலை உண்டாக்கும். 43.20 பீக்கின் sinθ 0.3681. அதை 1.3922/1.5406-ஆல் பெருக்கினால் 0.3327 வருகிறது, அதற்கான 2θ 38.86. அதே கணக்கை 36.31-க்குப் போட்டால் 32.71. அது 43.20-ஐவிட இருமடங்கு உயரமான பீக் என்பதால் அதன் நகலும் 38.86-ஐப்போல் இருமடங்கு இருக்கவேண்டும். அந்தப் பேட்டர்னில் 32.71-ல் பாருங்கள், அங்கே இருந்தால் வழக்கு முடிந்தது.

(hkl) எண்ணெல்லாம் கார்டுலேர்ந்து காப்பி பண்ணிட்டேன். வைவால கேட்டா என்ன சொல்றது?

கியூபிக் பொருளுக்கு நீங்களே கண்டுபிடித்துவிடலாம், ஐந்து நிமிட வேலை. கியூபிக்கில் sin²θ என்பது h²+k²+l²-க்கு நேர்விகிதம். ஆறு Cu₂O பீக்குக்கும் sin²θ: 0.0646, 0.0971, 0.1295, 0.2596, 0.3572, 0.3898. எல்லாவற்றையும் முதல் எண்ணால் வகுத்தால் 1, 1.50, 2.01, 4.02, 5.53, 6.03. அரை எண்கள் வருவதால் இரண்டால் பெருக்குங்கள்: 2, 3.01, 4.01, 8.04, 11.06, 12.07. ஆக 2, 3, 4, 8, 11, 12. அதாவது (110), (111), (200), (220), (311), (222).

காப்பரின் மூன்று பீக்குக்கும் இதையே செய்தால் 3, 4.00, 8.02. முகமையக் கியூபிக்கின் அடையாளம் அது. மூன்று பீக்கை மட்டும் வைத்து அமைப்பை நிரூபித்துவிட்டதாகச் சொல்லமுடியாது, கார்டோடு முரண்படவில்லை என்று சொல்லலாம்.

Cu₂O வரிசையில் எண்கள் முழு எண்ணைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போவதைக் கவனித்தீர்களா? 3.01, 4.01, 8.04, 11.06, 12.07. நாய்ஸாக இருந்தால் மேலும் கீழும் ஆடியிருக்கும். இது ஒரே பக்கமாகப் போகிறது. அடுத்த பதில் இதைப் பற்றியதுதான்.

ஆறு பீக்குக்கும் ஆறு a வருது. ஆவரேஜ் எடுத்துப் போட்டா போதுமா?

போதாது. a = d√(h²+k²+l²) என்று போட்டால் 29.45-லிருந்து ஆரம்பித்து முறையே 4.2858, 4.2819, 4.2805, 4.2763, 4.2744, 4.2738 வருகிறது. கோணம் ஏற ஏற a இறங்கிக்கொண்டே போகிறது. சராசரி 4.2788. எல்லா மதிப்பும் ஒரே பக்கம் தப்பாக இருக்கும்போது அவற்றின் சராசரியும் தப்பாகத்தான் இருக்கும்.

காரணம் சாம்பிள் ஹோல்டர். பவுடரின் மேற்பரப்பு ஹோல்டரின் விளிம்போடு சமமாக இருக்கவேண்டும். கண்ணாடித் தகட்டால் அழுத்தும்போது பள்ளம் விழுந்தால் பரப்பு கீழே போய், பீக்குகள் இடப்பக்கம் நகரும். மேடாக இருந்தால் வலப்பக்கம். இந்த நகர்வு cosθ-வுக்கு ஏற்ப இருப்பதால், a-வில் வரும் பிழை cos²θ/sinθ-வுக்கு நேர்விகிதமாகிறது. அதனால் a-வை cos²θ/sinθ-வுக்கு எதிராக வரைந்து, கோட்டைப் பூஜ்யம் வரை நீட்டினால் அங்கே பிழையில்லாத a கிடைக்கும். எக்செல்லிலும் செய்யலாம். பைதான் தெரிந்தவர்களுக்கு:

```python
import numpy as np
tt = np.array([29.45, 36.31, 42.19, 61.26, 73.41, 77.27])
N  = np.array([2, 3, 4, 8, 11, 12])
th = np.radians(tt / 2)
a  = 1.5406 / (2 * np.sin(th)) * np.sqrt(N)
x  = np.cos(th)**2 / np.sin(th)
m, a0 = np.polyfit(x, a, 1)
print(a0, m / a0)
```

a0 = 4.270 ஆங்ஸ்ட்ராம் வரும். அறியப்பட்ட மதிப்பு 4.2696. இரண்டாவது எண் சுமார் 0.001, அதைக் கருவியின் ஆரத்தால் பெருக்கினால் பவுடர் எவ்வளவு கீழே இருந்தது என்று தெரியும். ஆரம் 150 மி.மீ. என்றால் 0.15 மி.மீ. ஏ4 தாள் ஒன்றரையின் தடிமன்தான். அவ்வளவு சின்னப் பள்ளம் இவ்வளவு வேலை செய்கிறது.

கருவியின் பூஜ்யப் புள்ளியே தவறியிருந்தாலும் இதேபோன்ற சரிவு வரும், அது cotθ-வைப் பின்பற்றும். ஆறு பீக்கை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆனால் எந்தக் காரணமானாலும் அதிகக் கோணத்துக்குப் போகப்போகப் பிழை குறைகிறது. அதனால் லேட்டிஸ் பாராமீட்டர்தான் உங்கள் நோக்கம் என்றால் 80-ல் நிறுத்தாமல் 100, 120 வரை ஸ்கேன் கேளுங்கள். குறைந்த கோணத்தில் இருக்கும் ஒரே ஒரு உயரமான பீக்கை வைத்து a எழுதுவது, எனக்குத் தெரிந்து, பிராஜெக்ட் ரிப்போர்ட்டுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு.

நான் ஜிங்க் டோப் பண்ணேன். பீக் இடப்பக்கம் நகர்ந்திருக்கு. லேட்டிஸ் விரிஞ்சிருக்குன்னு எழுதிட்டேன். சரிதானே அக்கா?

இன்னும் சரியென்று சொல்லமுடியாது. மேலே பார்த்த பவுடரில் டோப்பிங் எதுவுமே இல்லை, ஆனாலும் எல்லா பீக்கும் இடப்பக்கம் நகர்ந்திருக்கின்றன. ஹோல்டரில் இருந்த பள்ளத்துக்கு "அயனி ஆரம் பெரியது" என்று விளக்கம் எழுதிவிடக் கூடாது அல்லவா.

இரண்டையும் பிரிக்க வழி இருக்கிறது. லேட்டிஸ் உண்மையிலேயே விரிந்தால் நகர்வு tanθ-வுக்கு ஏற்பக் கோணத்தோடு ஏறும். பள்ளத்தால் வந்தால் cosθ-வுக்கு ஏற்ப இறங்கும். 36.42-ல் 0.11 டிகிரி நகர்வு விரிவால் வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 77.36-ல் இருக்கவேண்டிய பீக் 0.27 டிகிரி நகர்ந்திருக்கவேண்டும். பள்ளம் என்றால் அங்கே 0.09 மட்டுமே. மூன்று மடங்கு வித்தியாசம், சாதாரணக் கருவியிலேயே தெரியும். முந்தைய கேள்வியின் கிராஃபில் சொன்னால், விரிந்த லேட்டிஸுக்குக் கோடு கிடையாகவே இருந்து மொத்தமாக மேலே போகும். பள்ளத்துக்குக் கோடு சாயும், ஆனால் பூஜ்யத்தில் பழைய இடத்துக்கே வந்து சேரும்.

இரண்டும் சேர்ந்தும் நடக்கலாம். அப்போதும் நம்பவேண்டியது a0-வைத்தான். டோப் செய்தது, செய்யாதது இரண்டின் a0-வையும் பிழை எல்லையோடு எழுதி, வித்தியாசம் அந்த எல்லையைத் தாண்டினால் விரிந்தது என்று எழுதுங்கள். (111) பீக்கை மட்டும் பெரிதாக்கி, அம்புக்குறி போட்ட படம் அழகாக இருக்கும். ஆனால் அது எதையும் நிரூபிக்காது.

கூடவே காப்பர் இருக்கே, அதையே அளவுகோலா வச்சுக்கலாமா?

நல்ல யோசனை. இரண்டு ஃபேஸும் ஒரே பவுடரில், ஒரே ஹோல்டரில் இருப்பதால் நகர்வும் பொதுவானது. காப்பரின் a 3.615 என்றால் பீக்குகள் 43.32, 50.45, 74.13-ல் வரவேண்டும். நமக்கு 0.12, 0.11, 0.10 குறைவாக வந்திருக்கின்றன. Cu₂O-வின் நகர்வும் அதேதான். இரண்டு வேறு பொருள்கள் ஒரே அளவு ஏமாற்றுகின்றன என்றால், ஏமாற்றுவது ஹோல்டர் என்பது உறுதியாகிறது.

ஆனால் இது காப்பர் சுத்தமாக இருந்தால்தான் செல்லும். ஜிங்க் டோப் செய்த பவுடரில் ஜிங்க் காப்பருக்குள்ளும் போயிருக்கலாம், அப்போது அளவுகோலே நீண்டுவிடும். அதற்குச் சிலிக்கான் பவுடர் பத்து சதவீதம் கலந்து எடுப்பது நல்லது. அதன் a 5.431 ஆங்ஸ்ட்ராம், பீக்குகள் 28.44, 47.30, 56.12-ல். நம் பீக்குகள் எதன்மேலும் விழாது. கலந்த பவுடரைத் திரும்பப் பிரிக்க முடியாது, அதனால் கொஞ்சமாக எடுத்துக் கலந்துகொள்ளுங்கள்.

சாஃப்ட்வேர் 4.26983-ன்னு காட்டுது. அப்படியே எழுதலாமா?

4.270 ± 0.001 என்று எழுதுங்கள். 2θ-வைப் படிப்பதில் ஒரு படி, அதாவது 0.02 டிகிரி, தவறினால் 77 டிகிரி பீக்கில் a சுமார் 0.001 மாறும். 29 டிகிரி பீக்கில் கிட்டத்தட்ட 0.003 மாறும். ஐந்தாவது தசம இடத்தைத் தாங்கும் அளவுக்கு நம் அளவீட்டில் சரக்கு இல்லை.

இன்னொரு எச்சரிக்கை 73.41 பீக்குக்கு. அதன் பக்கத்திலேயே 74.03-ல் காப்பர் நிற்கிறது. துகள் மிகச் சிறியதாகி பீக்குகள் அகன்றுபோனால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, உச்சி காப்பர் பக்கம் இழுபடும். அப்போது இரண்டு பீக்காக ஃபிட் செய்யுங்கள், அல்லது அந்தப் பீக்கைக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள்.

Cu₂O பீக் 100, காப்பர் பீக் 48. அப்ப மூணுல ரெண்டு பங்கு Cu₂O, சரியா?

உயரத்தை வைத்து எடையைச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு பொருளும் எக்ஸ் கதிரைச் சிதறடிக்கும் பலம் வேறு, பீக்கின் அகலமும் வேறு. பெரிய காப்பர் துகள் கூர்மையாகவும் உயரமாகவும் தெரியும், அதே எடையுள்ள சின்ன Cu₂O துகள் தாழ்ந்து அகன்று தெரியும். குறைந்தபட்சம் உயரத்துக்குப் பதில் பரப்பை எடுத்து, அந்தச் சிதறல் பலத்துக்காகக் கார்டில் கொடுத்திருக்கும் I/Ic எண்ணால் வகுத்து, அந்த விகிதத்தைச் சொல்லுங்கள். சரியான சதவீதம் வேண்டுமென்றால், மொத்தப் பேட்டர்னையும் கணக்கிட்டுப் பொருத்தும் ரீட்வெல்ட் முறையைச் செய்யவேண்டும்.

அப்ப பீக் இல்லன்னா அந்தப் பொருளே இல்லன்னு அர்த்தமா?

இல்லை. சாதாரண ஸ்கேனில் எடையில் ஓரிரு சதவீதத்துக்குக் கீழே இருக்கும் ஃபேஸ் பெரும்பாலும் தெரியாது. படிகமாக இல்லாத எதற்கும் பீக்கே வராது. முருங்கை இலைச் சாற்றிலிருந்து பவுடரில் ஒட்டியிருக்கும் கரிமப் பொருளை அதிகபட்சம் 20 டிகிரிப் பக்கம் ஒரு மந்தமான மேடாகப் பார்க்கலாம். அதையும் கண்ணாடி ஸ்லைடில் மெல்லியதாகப் பவுடர் பரப்பி எடுத்திருந்தால் நம்பமுடியாது, கண்ணாடியே 20 முதல் 30 டிகிரிக்குள் அதே மாதிரி ஒரு மேட்டைக் கொடுக்கும். "CuO இல்லை" என்று எழுதாமல் "CuO-வுக்கான பீக்குகள் தென்படவில்லை" என்று எழுதுங்கள்.

போன மாசம் எடுத்ததுல காப்பர் நல்லா தெரிஞ்சுது. அதே பாட்டில்லேர்ந்து இப்ப எடுத்தா Cu₂O ஏறியிருக்கு. மெஷின் தப்பா?

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் பாட்டிலைப் பாருங்கள். நுண்ணிய காப்பர் துகள் காற்றுபட்டால் மேற்பரப்பிலிருந்து ஆக்சைடாக மாறத் தொடங்கும், ஈரம் அதைத் துரிதப்படுத்தும். அக்டோபர், நவம்பர் மழையில் சென்னை ஆய்வகத்தில் மூடி சரியாக இல்லாத பாட்டில் என்றால் கேட்கவே வேண்டாம். பவுடரில் சோடியம் ஹைட்ராக்சைடு மிச்சமிருந்தால் அது வேறு ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில், முடிந்தால் வெற்றிடத்தில் வையுங்கள். ஜெல் நிறம் மாறியிருந்தால் ஓவனில் சூடாக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஸ்கேன் எடுக்கும் தேதியையும் பவுடர் செய்த தேதியையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். இரண்டு பேட்டர்னையும் ஒப்பிடும்போது 43.20-க்கும் 36.31-க்கும் உள்ள பரப்பு விகிதத்தைப் பாருங்கள், தனித்தனி உயரத்தைப் பார்க்காதீர்கள். ஹோல்டரில் இந்தத் தடவை பவுடர் கொஞ்சம் கூடக்குறைய இருந்திருந்தாலும் விகிதம் பெரிதாக மாறாது.